கற்க முன் கணக்குப் போடுங்கள்: இமைமயிர் ஒட்டும் தொழில் உங்கள் ஊருக்குப் பொருந்துமா?



வீட்டிலிருந்தபடியே நாலு காசு உழைக்க விரும்பும் பெண்களுக்கு ஒரு காலத்தில் தையல் இருந்தது, பிறகு கேக் அடிப்பது வந்தது, மருதோன்றி வைப்பது வந்தது. இன்று அந்தப் பட்டியலில் ‘ஐலாஷ் எக்ஸ்டென்ஷன்’ என்ற இமைமயிர் ஒட்டும் வேலையும் சேர்ந்திருக்கிறது. ‘இரண்டே நாளில் பயிற்சி, கையோடு சான்றிதழ்’ என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் காப்பொன்றை விற்கவோ அடகு வைக்கவோ ஆயத்தமாகும் பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அந்தக் காப்பு பெரும்பாலும் உம்மா கொடுத்ததாக இருக்கும். ஒரு தடவை போனால் அது இலேசில் திரும்பி வராது. ஆகவே காப்பைக் கழற்றுவதற்கு முன் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

அழகுக்கலையில் ஒரே ஒரு வேலையை மட்டும் பிரித்தெடுத்து, ‘இதில் நான் தேர்ச்சியடைவேன்’ என்று முடிவெடுப்பவர் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். என் ஊரில் இதற்கு ஆள் உண்டா? இதைப் படித்து முடிக்க உண்மையில் எவ்வளவு போகும்? என்ன விலை வைத்தால் என் உழைப்புக்குக் கூலி மிஞ்சும்? கேட்க வேண்டிய ஒழுங்கும் இதுதான். முதற் கேள்விக்கு விடை தேட ஒரு சதமும் செலவில்லை. ஆனால் பலர் அதை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்குகிறார்கள்.

வேலை என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம்

கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் கண்ணுக்கு மேல் ஒரு பட்டியாக ஒட்டி, இரவில் கழற்றி வைக்கும் பொய் இமை வேறு, இது வேறு. இங்கே பெண் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். கீழ் இமையின் மயிர்களை மெல்லிய ஜெல் பட்டியால் மூடிவிடுகிறார்கள். பிறகு இரண்டு கையிலும் இரண்டு சாமணம் பிடித்து, ஒன்றினால் மேல் இமையின் ஒரேயொரு சொந்த மயிரைப் பிரித்தெடுத்து, மற்றதால் ஒரு செயற்கை மயிரைப் பசையில் தொட்டு அதன்மேல் வைக்கிறார்கள். தோலில் பசை படக்கூடாது. தோலிலிருந்து அரை மில்லிமீற்றர் முதல் ஒரு மில்லிமீற்றர் வரை விலகியே ஒட்ட வேண்டும். இப்படி ஒவ்வொரு கண்ணுக்கும் பல பத்து மயிர்கள். கைதேர்ந்தவருக்கு முழுதாக முடிக்க ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுக்கும், புதியவருக்கு மூன்று, நான்கு கூட ஆகும்.

ஒட்டியது நிரந்தரமாக நிற்பதில்லை. நமது சொந்த இமைமயிர்கள் தினமும் ஒன்றிரண்டாய் உதிர்ந்து புதிதாய் முளைக்கின்றன. அவை உதிரும்போது ஒட்டியதும் கூடவே போகும். அதனால் இரண்டு, மூன்று கிழமைக்கொரு தடவை வந்து இடைவெளிகளை நிரப்பிக்கொள்ள வேண்டும். இந்த வருமானம் முழுவதும் அந்தத் ‘திரும்பி வருதலில்’தான் இருக்கிறது. ஒரு தடவை ஆசைக்கு வந்து போகிறவரை நம்பி இந்தத் தொழிலை நடத்த முடியாது.

ஆள் உண்டா? எண்ணிப் பாருங்கள்

தேவையை அறிய நம்மவர்கள் செய்வது என்ன? அக்கம்பக்கத்தில் உள்ளவர்களிடம், “நான் இதைத் தொடங்கினால் வருவீங்களா?” என்று கேட்பார்கள். “ஓ, தொடங்குங்க தங்கச்சி, கட்டாயம் வருவோம்” என்று எல்லோரும் சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல நம் பெண்களுக்கு மனம் வராது. அந்தப் பதில் அன்பின் அடையாளம். வியாபாரக் கணக்கில் அதைச் சேர்க்கக்கூடாது.

வருங்காலத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். “போன பெருநாளிலிருந்து இன்றைக்கு வரைக்கும் அழகு சம்பந்தமாக எதுக்குக் காசு கொடுத்தீங்க? யாருக்கிட்ட? எவ்வளவு? திரும்பியும் போனீங்களா?” உங்களுக்குத் தெரிந்த நாற்பது பெண்களின் பெயரைக் கொப்பியில் எழுதி ஒவ்வொருவரின் பதிலையும் எதிரே குறித்துக்கொள்ளுங்கள். பெருநாளுக்கு மருதோன்றி, தங்கச்சியின் கல்யாணத்துக்கு அலங்காரம், முடி வெட்டு, ஃபேஷியல் என்று பட்டியல் வளரும். அந்த நாற்பதில் எத்தனை பேர் ஒரே சேவைக்காக மாதா மாதம் காசு கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இமைமயிர் வேலைக்கு வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இனி, நம் ஊர்களில் இந்தத் தேவையைத் தீர்மானிக்கும் பெரிய காரணம் ஒன்று உண்டு. பயிற்சி விளம்பரம் எதிலும் அது எழுதப்பட்டிருக்காது. அதுதான் வுழூ. இலங்கையில் நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், முகத்தைக் கழுவும்போது இமைமயிரும் அதன் அடியும் நனைய வேண்டும். ஒட்டும் பசையோ தண்ணீர் புகாத வகை. ‘சுப்பர் குளூ’ எனப்படும் பசையின் அதே குடும்பத்தைச் சேர்ந்த சயனோஅக்ரிலேற்றால் செய்யப்படுவது. அது மயிரின் மேல் ஒரு உறையாகக் காய்ந்து நிற்கும். நகப்பூச்சு என்றால் தொழுகைக்கு முன் வீட்டிலேயே துடைத்துவிடலாம். இதை அப்படிக் கழற்ற முடியாது. அதற்குரிய மருந்தைப் பூசி, இன்னொருவர் கையால்தான் பக்குவமாக எடுக்க வேண்டும். ‘தொழுகையில்லாத நாட்களில் போட்டுக்கொள்ளலாமே’ என்பார்கள். அந்த நாட்கள் ஆறோ ஏழோ. குளிப்புக் கடமையானதும் கழற்ற வேண்டிய ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க யார் வருவார்?

இதோடு, மயிருடன் மயிரை ஒட்டுவதை ஸஹீஹான ஹதீஸ்கள் வன்மையாகத் தடுத்திருக்கின்றன. செயற்கை இழைக்கும், ஒரு நாள் வைத்துக் கழற்றும் பட்டிக்கும் அது எந்த அளவு பொருந்தும் என்பதில் உலமாக்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். ஒட்டிக்கொள்பவருக்கும் ஒட்டிவிடுபவருக்கும் சேர்த்தே அந்தத் தடை வந்திருக்கிறது என்பதால், விலகிக்கொள்வதே பேணுதல் என்பது என் கருத்து. வாடிக்கையாளர் பிற சமூகத்தவராக இருந்தாலும் சம்பாத்தியம் நம்முடையது. அதையும் உங்களுக்கு நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மார்க்கத் தீர்ப்பை ஒருபுறம் வைத்து வியாபாரமாக மட்டும் பார்த்தாலும் முடிவு அதிகம் மாறாது. ஐவேளையும் வுழூச் செய்கிற பெண்கள் நிறைந்த காத்தான்குடி, அக்குறணை போன்ற ஊரில் இந்தச் சேவைக்குத் திரும்பத் திரும்ப வருபவர் மிகச் சிலராகவே இருப்பார்கள். தெஹிவளை போன்ற கலப்பு நகரத்தில் வேறு சமூகப் பெண்கள் வரலாம். ஆனால் அங்கே ஏற்கனவே பல நிலையங்கள் இருக்கும். முதலாவது இடத்தில் ஆள் இல்லை, இரண்டாவது இடத்தில் ஆளுக்குப் போட்டி. எண்ணிப் பார்க்காமல் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

படிக்க எவ்வளவு போகும்?

பயிற்சிக் கட்டணம் என்பது செலவின் முதற் பகுதி மட்டுமே. இரண்டு நாளில் ஆசிரியை காட்டித் தருவது வழியை. கை பழகுவது அதன் பிறகுதான். பொம்மைத் தலையில் பழகி, பிறகு வீட்டார், கூட்டாளிகள் என்று உயிருள்ள கண்களில் குறைந்தது இருபது தடவையாவது காசு வாங்காமல் செய்தால்தான் நான்கு மணித்தியாலம் மூன்றாகக் குறையும். அந்த இருபதுக்கும் சாமான் செலவாகும்.

அடுத்து அறை. இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. அரைவாசியளவு, அதாவது 45 முதல் 65 சதவீத ஈரப்பதன் அதற்கு உகந்தது. நம் கரையோர ஊர்களில் ஈரப்பதன் சாதாரணமாகவே அதைவிடக் கூடியது. அப்படியான காற்றில் பசை மயிரில் அமரும் முன்பே இறுகிவிடும். அன்று அழகாகத் தெரிந்தது மூன்றாம் நாளே உதிரத் தொடங்கும். வந்தவர் திரும்பி வந்து நிற்பார், நீங்கள் காசில்லாமல் மறுபடி ஒட்டிக்கொடுக்க வேண்டும். அதனால் ஏ.சி. பூட்டிய ஓர் அறையும் அதன் மின்சாரக் கட்டணமும் இந்தத் தொழிலோடு வருகின்றன. பயிற்சி கொடுப்பவரிடம், “உங்க அறையில ஈரப்பதன் எவ்வளவு? எங்க ஊருக்கு எந்தப் பசை?” என்று கேளுங்கள். விளக்கமாகப் பதில் வராவிட்டால் அந்த இடத்தில் காசு கட்டாதீர்கள். எத்தனை உயிருள்ள மாதிரிகளில் செய்ய விடுவார், பிறகு உங்கள் வேலையைப் பார்த்துத் திருத்துவாரா என்பதையும் கேளுங்கள்.

கண் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் பொறுப்பும் உண்டு. ஒட்டுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சிறிதளவு பசையில் சோதித்துப் பார்க்க வேண்டும். பசையின் ஆவி பட்டுக் கண் சிவந்தால் அது பெரும்பாலும் அன்றே தணியும். அடுத்த நாள் இமை வீங்கி, அரித்து, ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனால் அது ஒவ்வாமை. ஒட்டியதைக் கழற்றி வைத்தியரிடம் அனுப்ப வேண்டும், அதன் பின் அவருக்குச் செய்யவே கூடாது. இரண்டு சொந்த மயிர்களைத் தவறுதலாகச் சேர்த்து ஒட்டினால், ஒன்று வளரும்போது மற்றதை இழுத்து வேரோடு பிடுங்கும். ஒட்டி முடிந்ததும் மயிர்களைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது இதற்காகத்தான். இதையெல்லாம் சொல்லித் தராத பயிற்சி மலிவாக இருந்தாலும் நட்டமே.

விலையை மணித்தியாலத்தால் பாருங்கள்

இப்போது ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் விலைகளைக் கேட்டு அந்த இடங்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஒரு சகோதரி பயிற்சிக்கு 60,000 ரூபா கட்டுகிறார். கட்டில், விளக்கு, கதிரைக்கு 40,000 ரூபா. முதற் சாமான்களுக்கு 28,000 ரூபா. பழகும் இருபது தடவைக்கு 12,000 ரூபா. மொத்தம் 140,000 ரூபா. ஏ.சி. வீட்டில் ஏற்கனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முழுதாக ஒட்ட 5,000 ரூபா வாங்குகிறார். சாமானுக்கும் மின்சாரத்துக்கும் 1,000 போக 4,000 மிஞ்சும். வேலை மூன்று மணித்தியாலம். பிறகு மூன்று கிழமைக்கொரு தடவை நிரப்புவதற்கு 2,500 வாங்கினால், 500 போக 2,000 மிஞ்சும். அதற்கு ஒன்றரை மணித்தியாலம். இரண்டிலும் மணித்தியாலத்துக்கு 1,300 ரூபா சொச்சம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் பசைப் போத்தல் ஒன்று இருக்கிறது. திறந்து ஒரு மாதம், கூடினால் இரண்டு மாதத்தில் அதன் பிடிப்புப் போய்விடும். மூன்று பேருக்குப் பாவித்தாலும் முப்பது பேருக்குப் பாவித்தாலும் எறிய வேண்டியதுதான். அதற்கு மாதம் 4,000 என்று வைப்போம்.

இந்தச் சகோதரிக்கு நிரந்தர வாடிக்கையாளர் பத்துப் பேர் இருந்தால் மாதத்துக்குப் பதின்மூன்று தடவை வேலை வரும். 26,000 ரூபாவில் பசைக்கு 4,000 போக 22,000 மிஞ்சும். போட்ட முதல் ஏழு மாதத்தில் கைக்கு வந்துவிடும். மூன்று பேர் மட்டும் என்றால் மாதத்துக்கு நான்கு தடவை. 8,000 ரூபாவில் பசைக்கு 4,000 போக மிஞ்சுவது 4,000 ரூபா. முதல் திரும்பி வர 35 மாதம், ஏறக்குறைய மூன்று வருடம் செல்லும். கை ஒன்றே, விலை ஒன்றே, பயிற்சியும் ஒன்றே. வித்தியாசம் பத்துக்கும் மூன்றுக்கும் இடையில்தான் இருக்கிறது. நாற்பது பெயர் எழுதிய அந்தக் கொப்பிதான் உங்களுக்கு வரப்போவது பத்தா மூன்றா என்பதைச் சொல்லும்.

‘புதிதுதானே, பாதி விலைக்குச் செய்வோம்’ என்ற எண்ணமும் வரும். 5,000 ரூபா வேலையை 2,500 ரூபாவுக்குச் செய்தால், செலவு 1,000 போக 1,500 மிஞ்சும். புதியவர் கைக்கு நான்கு மணித்தியாலம் என்றால் மணித்தியாலத்துக்கு 375 ரூபா. அந்த நேரத்தில் அபாயா தைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். குறைத்த விலையைப் பிறகு கூட்டுவதும் உறவும் அயலும் நிறைந்த ஊரில் இலேசல்ல. அத்துடன் இந்தச் சாமான்கள் இறக்குமதியாகி வருபவை. 2022ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் இரண்டு, மூன்று மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டதை நாம் மறக்கவில்லை. விலையில் கொஞ்சமும் இடம் வைக்காதவர் அப்படியான காலத்தில் கையிலிருந்து போட்டுத் தொழில் செய்ய நேரும்.

அதே அளவுகோலால் மருதோன்றியை அளப்போம்

ஒரு தொழிலை மட்டும் அளந்தால் போதாது. பக்கத்தில் இன்னொன்றை வைத்து அளந்தால்தான் எடை தெரியும். மணப்பெண்ணுக்கு மருதோன்றி வைப்பதை எடுத்துக்கொள்வோம்.

ஆள் உண்டா? நோன்பு மாதம் தவிர ஆண்டு முழுவதும் கல்யாணம் உண்டு, இரண்டு பெருநாளும் உண்டு. கலப்பில்லாத மருதோன்றி தோலுக்குச் சாயம் ஏற்றுமே தவிர, கழுவிய பின் மேலே ஓர் உறையாக நிற்பதில்லை. வுழூவுக்குத் தடையில்லை. படிக்க எவ்வளவு? தூள், கோன் கடதாசி, பழகுவதற்கு ஒரு பிளாஸ்டிக் தாள், சில மாதப் பொறுமை. 15,000 ரூபாவுக்குள் தொடங்கிவிடலாம் என்று வைப்போம். விலை? மணப்பெண்ணுக்கு இரு கையும் காலும் வைக்க ஐந்து மணித்தியாலம். 8,000 ரூபா வாங்கி, சாமானும் போக்குவரத்தும் 1,500 போனால் 6,500 மிஞ்சும். மணித்தியாலத்துக்கு 1,300 ரூபா. இமைமயிர் வேலையின் கூலியும் ஏறக்குறைய அதே அளவுதான்! ஆனால் இங்கே மாதம் ஒரு மணப்பெண் வந்தாலும் மூன்றாம் மாதம் முதல் கைக்கு வந்துவிடும். சரிவராவிட்டாலும் போவது காப்பல்ல.

இதிலும் குறை உண்டு. வீட்டுக்கு வீடு மருதோன்றி வைக்கத் தெரிந்த ஒரு பிள்ளை இருக்கும். பெருநாள் மருதோன்றிக்கு நல்ல விலை கேட்க முடியாது. சில மாதங்கள் வெறுமையாகவும் போகும். ஆகவே எல்லோருக்கும் முடியாத நுணுக்கமான மணப்பெண் வேலையில் கையைத் தீட்டிக்கொள்பவருக்கே இதில் பிழைப்பு. கடையில் விற்கும் ‘கறுப்பு மருதோன்றி’ பக்கம் மட்டும் போகாதீர்கள். அதில் கலக்கப்படும் தலைச்சாய இரசாயனம் தோலைக் கொப்புளிக்க வைத்து, சிலருக்கு ஆயுள் முழுவதும் ஒவ்வாமையை உண்டாக்கிவிடும். உண்மையான மருதோன்றி முதலில் செம்மஞ்சளாய்த் தெரிந்து இரண்டு நாளில்தான் கருஞ்சிவப்பாக மாறும். உடனே கறுத்தால் சந்தேகியுங்கள்.

இன்னும் எதில் தேர்ச்சியடைவது என்று முடிவாகாதவர்கள் தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா போன்ற அரச நிறுவனங்களின் அழகுக்கலைப் பயிற்சியை விசாரித்துப் பாருங்கள். என்.வி.கியூ. சான்றிதழோடு எல்லா வேலையிலும் அடிப்படை கிடைக்கும். எந்த வேலைக்கு ஆள் வருகிறது என்று கண்ணால் கண்ட பின் அதில் மட்டும் ஆழமாகப் போகலாம்.

காப்பைக் கழற்று முன்

ஆகவே சகோதரியே, ஒரு மாதத் தவணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு கிழமையில் நாற்பது பெண்களிடமும் நடந்ததைக் கேட்டு எழுதுங்கள். மூன்றாம் கிழமையில் இரண்டு, மூன்று பயிற்சி இடங்களில் கட்டணத்தை மட்டுமல்ல, பழகும் செலவையும் சேர்த்துக் கேட்டு எழுதுங்கள். நான்காம் கிழமையில் விலையிலிருந்து சாமானைக் கழித்து, மணித்தியாலத்தால் வகுத்து, போட்ட முதல் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று பாருங்கள். ஒரு வருடத்துக்குள் திரும்பாது என்று கொப்பி சொன்னால், அது எவ்வளவு அழகான தொழிலாக இருந்தாலும் உங்கள் ஊருக்குரியதல்ல.

கணக்குச் சரியாக வந்தால் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள். வராவிட்டால் கொப்பியை மூடிவிட்டு அடுத்த தொழிலின் பெயரை எழுதுங்கள். காப்பு கையிலேயே இருக்கட்டும்.